வளையல் போட்ட கல்

அந்தக் கோபம் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை. முதல் கோபம் என்மேல்தான்.

என் மகளுக்கு எட்டு வயது. அருங்காட்சியகத்தில் பிடித்த ஒரு பொருளைப் பற்றிச் சொந்த வார்த்தைகளில் மூன்று வரி எழுதி வர வேண்டும் என்று பள்ளியில் விடுமுறைப் பாடம். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருக்கும் ஆடுகோடியிலிருந்து பஸ் பிடித்துக் கூட்டிப்போனேன். வாளும் காசும் பானையும் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஒரு பழைய கல் முன்னால் போய் நின்றுகொண்டாள். கல்லில் ஒரு தூண், தூணிலிருந்து மேலே தூக்கிய ஒரு கை, கை நிறைய வளையல்கள், விரலிடுக்கில் ஒரு எலுமிச்சம்பழம்.

"அம்மா, இந்த ஆன்ட்டி யாருக்கு டாட்டா காட்றாங்க?"

பக்கத்தில் அறிவிப்புப் பலகை இருந்தது. மேலே கன்னடம், கீழே ஆங்கிலம், எறும்பு ஊர்வது மாதிரி எழுத்து. கன்னடம் எனக்குப் பேசத்தான் சரளம், படிப்பதற்கு எழுத்துக்கூட்ட வேண்டும். ஆங்கிலத்தைப் படித்திருக்கலாம். சோம்பல். போனை எடுத்தேன். "மேடம், ஃபிளாஷ் பேடா" என்றார் காவலாளி. ஃபிளாஷை அணைத்துவிட்டுப் பலகையைப் படம் பிடித்து, செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டு, 'எட்டு வயதுக் குழந்தைக்கு, எளிய தமிழில், பயமுறுத்தாமல் சொல்' என்று தட்டினேன்.

அலுவலகத்தில் தினமும் செய்கிற வேலைதான். வாடிக்கையாளர்களின் நீளமான கடிதங்களை அந்தச் செயலியிடம் கொடுத்துச் சுருக்கி வாங்குவேன். மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒன்றைக்கூட மேலாளருக்கு அனுப்பியதில்லை. மேலாளருக்குக் கொடுத்த மரியாதையை என் குழந்தைக்குக் கொடுக்கவில்லை. திரையில் வந்ததை வந்த கையோடு சத்தமாக வாசித்தேன்.

"இது ஒரு அன்பான மனைவியின் நினைவுக் கல். அவர் தன் கணவரை மிகவும் நேசித்தார். கணவர் இறந்தபோது அவரும் கூடவே சென்றார். வளையல் அணிந்த கை அவருடைய அன்பைக் காட்டுகிறது. மக்கள் அவரைப் பாராட்டி இந்தக் கல்லை வைத்தார்கள்."

வாசித்து முடித்த பிறகுதான் என்ன வாசித்தேன் என்று உறைத்தது.

அவள் அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. மாரடைப்பு. காரியத்தன்று பெரிய நாத்தனார் என் வளையல்களைக் கழற்ற வந்தபோது கையை உதறிவிட்டு உள்ளே போனவள் நான். அன்று கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள் இவள்.

இப்போது கல்லையும் என் கையையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"அப்போ நீ ஏன்மா அப்பா கூட போகல?" குரல் உடைந்தது. "இனிமே போவியா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் போனைத் தரையில் அடித்திருப்பேன். குனிந்து பலகையின் ஆங்கிலத்தை வரிவரியாகப் படித்தேன். கணவனின் சிதையில் தீயில் உயிர்விட்ட பெண்களுக்கு எழுப்பப்பட்ட கல் என்று அதில் தெளிவாகவே இருந்தது. சுருக்கத்தில் சிதையும் இல்லை, தீயும் இல்லை. பயமுறுத்தாதே என்று சொன்னவள் நான்தானே, அது சொன்னபடி கேட்டிருக்கிறது! பலகையின் மேலும் எரிச்சல் வந்தது. 'தியாகம்', 'புனிதம்', 'வழிபாடு' என்று அடுக்கியவர்களுக்கு, அந்தப் பெண்ணுக்கு அது வலித்திருக்கும் என்று எழுத ஒரு வரி இடமில்லை.

தரையில் உட்கார்ந்து அவளை மடியில் இழுத்துக்கொண்டேன்.

"அம்மா தப்பா படிச்சிட்டேன், கண்ணு. அவங்க எங்கயும் போகல. வீட்டுக்காரர் செத்துட்டாரு. அவரை எரிக்கிற நெருப்புல இவங்களும் செத்துட்டாங்க. அது பெரிய தப்பு. யாராவது கையைப் பிடிச்சு இழுத்திருக்கணும், இழுக்கல. அப்புறமா கல்லு வெச்சுக் கும்பிட்டாங்க. இப்ப அப்படிப் பண்ணா போலீஸ் புடிச்சிட்டுப் போவாங்க."

"அன்பு இருந்தா சாகணுமா?"

"யார் சொன்னாலும் நம்பாத. அப்பா மேல எனக்கு அவ்ளோ ஆசை. நான் எங்கயும் போக மாட்டேன்."

மறுபடி கல்லைப் பார்த்தாள். "அவங்களுக்குப் பாப்பா இருந்துச்சா?"

பலகையை மறுபடியும் பார்த்தேன். "அதை எழுதலை."

"அதைத்தானே மொதல்ல எழுதணும்" என்றாள் கோபமாக. என் மகள்தான், சந்தேகமில்லை.

பஸ்ஸில் வீடு வரும்வரை என் மணிக்கட்டை வளையலோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். வலித்தது, விடச் சொல்லவில்லை. சாயங்காலம், பாடம் எழுத உதவிக்குப் போனைக் கொடுக்கிறேன் என்றேன். வேண்டாம் என்று தானே நோட்டை எடுத்து எழுதினாள்.

"இது ஒரு அம்மாவின் கை. யாரும் இந்தக் கையைப் பிடித்து இழுக்கவில்லை. நான் இருந்திருந்தால் இழுத்திருப்பேன்."