சூரியனைச் சுற்றிய வளையங்கள்

பளிங்கு எங்கே என்று அந்தத் தெருவில் கேட்டால் யாரும் கல் விற்கிற கடையைக் காட்ட மாட்டார்கள். மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் வீடியோ ஸ்டுடியோவைத்தான் காட்டுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கியில் கையெழுத்துப் போட மட்டும் ஆகிவிட்டது. ஊருக்கு அவர் பளிங்கு.

அந்தப் பெயர் சும்மா வந்துவிடவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் அவர். கல்யாண வீடுகளில் விளக்குப் பிடித்தார், ஒயர் சுற்றினார், கேமராக்காரன் சாப்பிடப் போன நேரத்தில் கேமராவைத் தொட்டுத் தொட்டே தொழிலைக் கற்றார். சொந்தமாகப் பிடித்த முதல் கல்யாணத்தின் கேசட்டைப் பெண்ணின் அப்பா மேசைமேல் எறிந்துவிட்டு, "என்னய்யா, மண்டபத்துக்குள்ள மழை பெய்யுது?" என்று நாலு பேர் முன்னால் கேட்டார். நகலுக்கு நகல் எடுத்ததில் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகப் பொடி. அன்றைக்கு எடுத்த சபதம்தான்: தன் கையிலிருந்து போகும் படம் பளிங்கு மாதிரி இருக்க வேண்டும், பொடி என்று ஒன்று இருக்கக் கூடாது. இன்று படித்தவர்கள் வைத்திருக்கும் ஸ்டுடியோக்கள் எத்தனையோ மூடிக் கிடக்கின்றன. அவருடைய மாடியில் விளக்கு அணையவில்லை. மனுஷன் மார்தட்டிக்கொள்வதில் என்ன தப்பு?

அவருக்கு வலது கை மாதிரி இருந்தவன் மனைவியின் தம்பி. பளிங்குக்கு மச்சினன். கேமராவைத் தூக்கினால் வானத்தைப் பிடித்துவிட்டுத்தான் கீழே வைப்பான். வெளிச்சத்தை வாசனை பிடிக்கிறவன் என்று பளிங்கே சொல்லுவார், அவன் காதில் விழாதபடி.

அந்த வருஷம் மச்சினனுக்கு ஒரு பயம் பிடித்திருந்தது. அவன் அப்பாவுக்குக் கண் போனது கண்ணுக்குள் அழுத்தம் ஏறி. இவனையும் பரிசோதித்த டாக்டர், "இப்போதைக்கு ஒண்ணும் இல்ல. ஆனா வெளிச்சத்தைச் சுத்தி வளையம் வளையமா தெரிஞ்சா உடனே வந்துடுங்க" என்று சொல்லியிருந்தார். இதை அவன் அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. பளிங்கிடம் மட்டும் சொன்னான்.

"அத்தான், எனக்கு வளையம் தெரிஞ்சா நான் யாரை நம்பிக் கேட்கிறது? உங்களைத்தான் கேட்பேன். நீங்க பார்த்துட்டுச் சொல்லணும்."

"கேளு மாப்ள. என் கண்ணு ரெண்டும் உனக்கும் சேர்த்துத்தான்" என்றார் பளிங்கு.

துறைமுகத்தில் பயணிகள் காத்திருக்கும் புதுக் கூடத்துக்கு ஒரு படம் கேட்டார்கள். ஒரு சுவர் முழுக்க ஒளித்திரை. அதில் கடல்மேல் பொழுது விடிய வேண்டும், அவ்வளவுதான். மச்சினன் விடியலுக்கு முன்பே போய் நின்று, கருநீலம் வெளுத்து, சாம்பலாகி, சூரியனைச் சுற்றிப் பால் கலந்த மஞ்சளாகும்வரை கேமராவை அசைக்காமல் எடுத்துவந்தான். பார்த்த துறைமுக அதிகாரி அசந்துபோய், பெரிய கப்பலில் ஏறி ஒரு நீண்ட பயணத்தைப் படம் பிடித்துத் தரும் வேலைக்கும் அவனையே கேட்டார். மச்சினன் சின்ன வயதிலிருந்து கனவு கண்ட வேலை. திறப்பு விழா முடிந்ததும் சரி சொல்வதாக இருந்தான்.

ஸ்டுடியோவில் கலர் பார்க்கிற பெண் ஒருத்தி உண்டு. வாய் கொஞ்சம் நீளம், வேலை அதைவிட நீளம். விடியல் படத்தைத் திரையில் போட்டதும் பளிங்கு மூக்கைச் சுளித்தார்.

"என்னம்மா இது, வானத்துல பொடி ஊருது? எடு, எல்லாத்தையும் எடு."

"சார், இருட்டுல எடுத்தா இந்த அளவு பொடி இருக்கத்தான் செய்யும். இது இருக்கட்டும். இதுதான் வானத்தைத் தாங்குது."

"பொடி தாங்குதா? அப்போ தூணெல்லாம் எதுக்கு?"

"சிரிக்காதீங்க சார். அந்தச் சுவருக்குப் படம் ஓட்டுற மிஷின் எட்டு பிட் ஃபைலைத்தான் எடுத்துக்கும். எட்டு பிட்டுல ஒரு நிறத்துக்கு மொத்தமே இருநூத்தி அம்பத்தாறு படி. இந்த வானம் மெதுவா மாறுது, அதுக்குக் கிடைக்கிறது அதுல கொஞ்சம் படிதான். சுவர் அகலத்துக்கு இழுத்தா ஒவ்வொரு படியும் பட்டை பட்டையா விளிம்போட தெரியும். பொடி இருந்தா அந்த விளிம்புல ரெண்டு நிறமும் கலந்து கிடக்கும், கண்ணு ஒண்ணாச் சேர்த்துக்கும்."

"இங்க தெரியலையே!"

"இது சின்னத் திரை. நாம பார்க்கிறதும் எட்டு பிட்டுக்கு இறக்காத படம். அங்க போனாத் தெரியும்."

"நான் கேசட்டுக் காலத்துல இருந்து இந்தப் பொடியோட சண்டை போடுறவன். எனக்கா சொல்ற? துடை."

அவள் துடைத்தாள். ஃபைலும் சின்னதாக இருக்க வேண்டும் என்றார், அதையும் சுருக்கி இறுக்கினாள். போகும்போது, "பளிங்குத் தரையில வழுக்கி விழாம இருந்தாச் சரி" என்று சொல்லிவிட்டுப் போனாள். பளிங்கு சிரித்துக்கொண்டார்.

திறப்பு விழா மாலையில் கூடம் நிறைய ஆட்கள். சுவர் இருண்டு, மெல்ல நீலம் ஏறியது. பளிங்கு நிமிர்ந்து உட்கார்ந்தார். சூரியன் தலை காட்டியது. சூரியனைச் சுற்றி ஒன்றன்பின் ஒன்றாக வளையங்கள். குளத்தில் கல் போட்ட மாதிரி, ஆனால் நகராமல், ஒவ்வொன்றும் கத்தியால் கீறியதுபோல விளிம்போடு. அவள் சொன்னது அப்படியே சுவரில் நின்றது.

முன்வரிசையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். கடலும் சூரியனும் அவ்வளவு பெரிதாக எதிரில் நின்றால் வளையத்தை யார் தேடப் போகிறார்கள்? அதிகாரி குனிந்து பளிங்கின் கையைப் பிடித்து, "அருமை! ஒரு பொடி இல்ல பாருங்க" என்றார்.

அந்த நேரம் பார்த்து மச்சினன் அவர் தோளில் கை வைத்தான்.

"அத்தான்... சூரியனைச் சுத்தி வளையம் தெரியுதா உங்களுக்கு?"

ஒரு பக்கம் அதிகாரி கையைப் பிடித்தபடி நிற்கிறார். சுற்றிலும் பாராட்டு. கேசட்டை எறிந்தவரின் முகம் எங்கிருந்தோ வந்து நின்றது. வாய் தானாகத் திறந்தது.

"வளையமா? ஒண்ணும் இல்லையே மாப்ள. பளிங்கு மாதிரி இருக்கு."

மச்சினன் கையை எடுத்துக்கொண்டான். மறுபடி கேட்கவில்லை. படம் முடியும் முன்பே எழுந்து போய்விட்டான்.

சொல்லிவிடலாம் என்றுதான் பளிங்கு நினைத்தார். ஆனால் வெறுங்கையோடு போய்ச் சொல்வதா? முதலில் படத்தைச் சரிசெய்து, சுவரில் போட்டுக் காட்டிவிட்டு, 'அது என் வேலையில வந்த கோளாறு மாப்ள' என்று ஒரு சிரிப்போடு சொல்லிவிடலாம். தலை குனிந்து நிற்க வேண்டியிராது. காலையில் ஸ்டுடியோவுக்குள் நுழைந்ததும் அந்தப் பெண்ணிடம், "நீ சொன்னதுதான் சரி. மறுபடி ஆரம்பி" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒன்றை அவள் கேட்டதே இல்லை. அதனால் கேலி செய்யவும் மறந்துபோனாள்.

துடைக்காத மூலப் படத்திலிருந்து தொடங்கினார்கள். கலர் வேலை எல்லாம் படிகள் அதிகமுள்ள உயர்ந்த பிட்டிலேயே நடந்தது. கடைசியில் எட்டு பிட்டுக்கு இறக்கும் இடத்தில் மட்டும் மெல்லிய பொடியைத் தூவினாள், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வேறு வேறாக. அழுக்குக் கண்ணாடி மாதிரி ஒரே இடத்தில் நிற்கக் கூடாது என்றாள். துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டார்கள். வளையம் குறைந்திருந்தது, போகவில்லை.

"பொடி எங்கம்மா போச்சு?"

"ஃபைலைச் சின்னதாக்கணும்னு வழக்கம்போல இறுக்கிட்டோம் சார். இறுக்கினா மிஷின் முதல்ல குப்பைன்னு தள்ளுறது இந்தப் பொடியைத்தான். தாராளமா விடணும்."

தாராளமாக விட்டார்கள். ஃபைல் பெருத்தது. அந்த மிஷின் அதை ஓட்டுமா என்று கேட்டு, துறைமுகத்து ஆள் வந்து கூடத்தைத் திறந்துவிட்டு, மறுபடி போட்டுப் பார்ப்பதற்குள் நாலு நாள் ஓடிவிட்டது. இந்த முறை நீலம் எங்கே முடிந்து மஞ்சள் எங்கே தொடங்கியது என்று சுவர் அருகில் போய்த் தேடினாலும் தெரியவில்லை. கிட்டே நின்றால் பொடி ஊர்ந்தது. தள்ளி நின்றால் வானம். வாழ்நாளெல்லாம் அவர் துரத்தியடித்த அதே பொடி.

சந்தோஷமாக வீட்டுக்கு வந்தார். மனைவி பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே, புடவைகளுக்கு நடுவில், மச்சினனின் கேமராப் பை.

"தம்பி கொண்டுவந்து குடுத்துட்டுப் போறான். இனிமே இதுக்கு வேலை இல்லைக்கா, பத்திரமா வையிங்கிறான். கப்பல் வேலைக்கு வேற ஆளைப் பார்த்துக்கச் சொல்லிட்டானாம். கேட்டா வாயே திறக்கல. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"எப்போ சொன்னான் வேண்டாம்னு?"

"திறப்பு விழா முடிஞ்ச மறுநாளே. கப்பல் இன்னைக்குக் காலையில கிளம்பிடுச்சாம்."

பளிங்கு செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பி இறங்கினார்.

மச்சினன் வீட்டு முன்னறையில் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தான். மேசைமேல் கண் ஆஸ்பத்திரி உறை. டாக்டர் எல்லாப் பரிசோதனையும் செய்து, எதுவும் ஏறவில்லை, போன தடவை மாதிரியேதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டாராம். ஆனால் அவன் நம்பவில்லை.

"மிஷினுக்கு இன்னும் தெரியல அத்தான். எனக்குத் தெரிஞ்சுதே, அவ்வளவு பெரிய சுவர்ல. உங்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரிஞ்சுதே."

பளிங்கு உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

"எனக்கும் தெரிஞ்சுது மாப்ள."

அவன் தலையைத் தூக்கினான்.

"வளையம் இருந்துது. உன் கண்ணுல இல்ல, சுவர்ல. பொடியைத் துடைச்சு நான்தான் வரவச்சேன். நீ கேட்டப்போ அந்த ஆளு என் கையைப் பிடிச்சுட்டு நின்னாரு... சொல்ல வாய் வரல. சரி பண்ணிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். இப்போ நல்லாயிருக்கு, வந்து பாரு."

மச்சினன் கத்துவான் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் தேவலாம். அவன் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தான். வெளிச்சம் உள்ளே விழுந்தது.

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு, இல்ல?"

"நல்லாயிருக்கு மாப்ள."

"சரி. டாக்டரையே இன்னொரு தடவை கேட்டுக்கிறேன்" என்றான்.

பிறகு கேமரா பீரோவிலிருந்து வெளியே வந்தது. மச்சினன் ஸ்டுடியோவுக்கு வருகிறான், போகிறான், அத்தான் என்றே கூப்பிடுகிறான். பேச்சில் ஒரு குறை சொல்ல முடியாது. அதிகாரி வேறு துறைமுகத்துக்கு மாறிவிட்டார். அப்படி ஒரு கப்பல் வேலை திரும்ப வரவில்லை.

போன வாரம் மலைமேல் எடுத்த ஒரு சாயங்கால வானத்தைக் கொண்டுவந்தான். பொடி தூவி, எட்டு பிட்டில் இறக்கி, பெரிய திரையில் போட்டார்கள். பளிங்கு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மூலைக்கு மூலை தேடிப் பார்த்தார்.

"ஒரு கோடு இல்ல மாப்ள. சுத்தமா இருக்கு."

மச்சினன் தலையை ஆட்டினான். பிறகு நாற்காலியை அந்தப் பெண்ணின் பக்கம் திருப்பினான்.

"ஏம்மா, நீ பார்த்துச் சொல்லு. வளையம் ஏதாவது தெரியுதா?"

அவள் பளிங்கை ஒரு தரம் பார்த்தாள். "இல்லண்ணா" என்றாள் மெதுவாக. அதற்குப் பிறகுதான் அவன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தான்.