சிட்டுவும் பூஜ்ஜியமும்

பணிமனையில் எல்லோரும் அவளை பிரேக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பேருந்தை நிறுத்தத்துக்கு வெகு முன்பே மெதுவாக்கிவிடுவாள். சாலையில் அவளுக்குத் தடுமாற்றமே வந்ததில்லை. தடுமாறியதெல்லாம் மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் சிட்டுவிடம்தான்.

ஒரு மாலை சிட்டு கணக்குத் தாளைக் கசக்கி எறிந்தாள்.

“நான் முட்டாள்மா.”

“யாரு சொன்னா? நீ எவ்வளவு கெட்டிக்காரி தெரியுமா?”

“உனக்கு என்ன தெரியும்? நீ என் அம்மா, அதனால அப்படித்தான் சொல்லுவே.”

அவளுக்குச் சுருக்கென்றது. பாராட்டினாலும் அழுகிறது, சும்மா இருந்தாலும் அழுகிறது. என்னதான் செய்வது? மறுநாள் வண்டி ஓட்டும்போதும் அதே நினைப்பு. நான் சொன்னது அவள் காதில் பொய்யாகத்தானே விழுந்திருக்கும்?

அன்று மாலை கசங்கிய தாளை விரித்து வைத்தாள். “நேத்து ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு, இல்ல? எந்த இடத்துல ‘நான் முட்டாள்’னு உனக்குத் தோணுச்சு?”

சிட்டு யோசித்தாள். 203-லிருந்து 78-ஐக் கழிக்கும் கணக்கு. அவள் விரல், எண்ணின் நடுவில் இருந்த பூஜ்ஜியத்தில் நின்றது. “மூணுலேர்ந்து எட்டு போகாது. பக்கத்துல கடன் கேக்கணும். அதுகிட்ட ஒண்ணுமே இல்லையே.”

அப்படியென்றால் ஒரு படிதான் பிடிபடவில்லை, மற்றதெல்லாம் தெரிகிறது. விடை அம்மாவின் நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிக்கொண்டாள். கட்டம் போட்ட தாளில் நூறு கட்டம் கொண்ட இரண்டு சதுரங்களும் மூன்று ஒற்றைக் கட்டங்களும் வெட்டித் தந்தாள். “இதுலேர்ந்து எழுபத்தெட்டை எடு பாக்கலாம்.”

சிட்டு சதுரங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சொல்லிவிடலாமா, விட்டுவிடலாமா? அம்மா விட்டுவிட்டாள். சிட்டு ஒரு சதுரத்தைப் பத்துப் பட்டைகளாக நறுக்கினாள். அதில் ஒரு பட்டையைப் பத்துத் துண்டாக்கினாள். எழுபத்தெட்டை ஒதுக்கிவிட்டு மீதியை எண்ணினாள்.

“நூத்தி இருபத்தஞ்சு.”

“பக்கத்துல இல்லைன்னதும் அதையும் தாண்டிப் போய்க் கேட்டிருக்கே. எப்படித் தோணுச்சு?”

“பெருசை உடைச்சா சின்னது கிடைக்குமில்ல?” சிட்டு தானாகவே அடுத்த கணக்கை எழுதத் தொடங்கினாள். அது தப்பாகப் போனது. எங்கே தவறியது என்று அவளே தேடிக் கண்டுபிடித்தாள்.

அடுத்த வாரம் சொல்வதெழுதுதல். பையை வீசிவிட்டு மறுபடியும் “நான் முட்டாள்” என்றாள். எல்லாம் விழலுக்கு இறைத்த நீரா என்று அம்மாவுக்குத் தோன்றியது. ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து, “எந்த இடம்?” என்று மட்டும் கேட்டாள்.

சிட்டு மூக்கை உறிஞ்சினாள். “பெரிய ற-வும் சின்ன ர-வும் குழம்புது. அது மட்டும் இன்னும் வரலை.”

முட்டாள் என்பது ‘இன்னும் வரலை’ ஆகிவிட்டதா, இல்லை இன்றைக்கு மட்டும் இப்படியா? அம்மாவுக்கு விளங்கவில்லை. நாளைக்கு மறுபடி கேட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டு, ‘மரம்’, ‘மறம்’ இரண்டையும் உரக்கச் சொல்லிப் பார்த்தாள். அவளுக்கே இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்டன.