எண்பத்தேழாவது பதிவு யாருக்கு?

செய்தித்தாள் அலுவலகத்தில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். இருபத்தாறு வருடமாக அடுத்தவர் எழுதியதைச் சுருக்குவதுதான் பிழைப்பு. கணவர் எழுதும் சாமான் பட்டியலில்கூட இரண்டு வரியை அடித்துவிடுவாள். அதில் ஒன்று எப்போதும் அவருடைய பிஸ்கட்டாக இருக்கும்.

அன்று காலை செய்தி ஆசிரியர் ஒரு கட்டுத் தாளைக் கொண்டுவந்து வைத்தார். ஒரு மருத்துவமனையில் பெரியவர் ஒருவர் இறந்துபோயிருந்தார். அவர் மகள் சமூக வலைத்தளத்தில் எழுதியதையொட்டி இருநூற்றுப் பதினான்கு பதிவுகள் சேர்ந்திருந்தன. யாரோ அவற்றை நேர வரிசைப்படி படமெடுத்து அனுப்பியிருந்தார்கள்.

"முன்னூறு வார்த்தையில முடிச்சிடுங்க. 'ஆக்சிஜனை நிறுத்தச் சொன்னது யாரு'ன்னு எண்பத்தாறாவது பதிவுல மகள் கேக்கறாங்க. அடுத்ததுலயே அவரைப் பாத்துக்கிட்ட நர்ஸ், 'நான்தான் சொன்னேன், மன்னிச்சிடுங்க'ன்னு எழுதறாங்க. 'நர்ஸ் ஒப்புதல்'னு தலைப்புகூட வெச்சாச்சு."

நர்ஸை மருத்துவமனை ஏற்கெனவே வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தது. இது அச்சில் வந்தால் அவளுக்கு இனி எந்த வார்டிலும் இடமிருக்காது.

கத்தரிக்கு மனசு ஒப்பவில்லை. அடுத்தடுத்து இருந்தால் கேள்வியும் பதிலும் ஆகிவிடுமா? பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவனெல்லாம் சொந்தக்காரனா? படங்களில் 'யாருக்குப் பதில்' என்ற வரியை வேறு வெட்டியிருந்தார்கள். அவள் ஒவ்வொரு பதிவையும் கணினியில் தனியாகத் திறந்து, அது எதற்குப் பதில் என்று பார்த்து, தாளில் எண் போட்டு அம்புக்குறி இழுத்தாள். மூலப் பதிவை நீக்கியிருந்த இடங்களில் 'நீக்கப்பட்டது' என்று மட்டும் எழுதினாள். ஊகம் செய்யவில்லை. தங்களுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டு விஷயத்தை விட்டுப் போன நாற்பது பேரை ஒரே வரியில் அடக்கினாள்.

நர்ஸின் எண்பத்தேழிலிருந்து கிளம்பிய அம்பு எண்பத்தாறுக்குப் போகவில்லை. அறுபத்தொன்றுக்குப் போனது. அதுவும் மகள் எழுதியதுதான்.

"ரெண்டு நாளா அப்பா பக்கத்தைவிட்டு நான் நகரல. போய்ச் சாப்பிட்டு வாங்கன்னு என்னை அனுப்பினது யாரு? அவர் போகும்போது நான் அங்க இல்ல."

கத்தரி கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். பசியோடு இருந்தவளைச் சாப்பிடச் சொன்னதற்காக ஒருத்தி மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். அதைப் போய் ஊரே கொலைக்கு வாக்குமூலமாக எடுத்துக்கொண்டது. இன்னும் ஒரு மணி நேரத்தில் அந்தத் தலைப்போடு எழுதிக் கொடுத்திருந்தால் கத்தரியும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி.

செய்தி ஆசிரியர் அவள் காட்டிய தாளில் விரல் வைத்து அம்புகளைத் தொடர்ந்து போனார். பேனாவை எடுத்துத் தலைப்பை அடித்தார்.

"அப்ப எண்பத்தாறுக்குக் கீழ என்னதான் இருக்கு?"

"முப்பது பேர் நர்ஸைத் திட்டியிருக்காங்க சார்."

"ஆஸ்பத்திரி ஏதோ பதில் போட்டுதே?"

"நாலு போட்டிருக்கு. மூணு பேரோட இரங்கலுக்கு நன்றி. ஒருத்தருக்குப் பார்வையாளர் நேரம் சொல்லியிருக்கு."

அவர் தாளை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு, "எழுதுங்க" என்றார்.

யார் யாருக்குச் சொன்னது என்று பிசகாமல் அவள் எழுதினாள். நர்ஸ் எதற்கு மன்னிப்புக் கேட்டாள் என்பதை முதலிலேயே வைத்தாள். கடைசிப் பத்தியில் இரண்டே வரி: 'ஆக்சிஜனை நிறுத்தச் சொன்னது யார் என்று மகள் கேட்டார். மருத்துவமனை நான்கு பேருக்குப் பதில் எழுதியிருக்கிறது, அவருக்கு எழுதவில்லை.'