பால் காய்ச்சாத வீடு

“…பின்கட்டு உனக்குத்தான்னு சொன்னேன், இல்லேங்கல தம்பி. ஆனா சர்க்கார் நிர்ணயிச்ச வாடகையில ஓடு மாத்தக்கூட முடியாதே! அதான் அதுல விறகு அடுக்கிட்டேன்” என்றார் வீட்டுக்கார அக்கா.

யுத்த காலம். வேலை தேடி வந்தவர்களால் அல்சூர் நிரம்பி, வாடகை ஏறியது. ஏற்றக் கூடாதென்று உத்தரவு வந்ததும் தெருவுக்கே மிட்டாய் கொடுத்தவன் நான். அப்புறம்தான் புரிந்தது: அந்த வாடகைக்கு வீடு கேட்பவர்கள் பெருகினார்கள், விடுபவர்கள் குறைந்தார்கள். ஊரிலிருந்து மனைவியையும் குழந்தையையும் அழைத்துவர நான் நம்பியிருந்தது இந்தப் பின்கட்டு ஒன்றைத்தான். குடிபுகப் பால் செம்போடு நின்றேன்.

“நாளைக்கு அவங்க ரயிலேறுறாங்கக்கா.”

அக்கா பின்கட்டைப் பூட்டினார். “பால் கெட்டுப்போயிடும், கொடு” என்று செம்பை வாங்கிக்கொண்டு தன் வீட்டுக்குள் போனார்.