எந்த ஷூவோட எட்டு?

டவுன்ஹால் ரோட்டில் ஒரு செருப்புக் கடையில் ஐந்து வருஷம் வேலை பார்த்தேன். தொண்ணூறுகள் முடிந்து இரண்டாயிரம் பிறந்திருந்த சமயம். எங்கள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவோம். அப்பா தறி நெய்தவர். பெண்பிள்ளை போய் ஊரார் காலைத் தொட்டுச் செருப்பு மாட்டிவிடுவதா என்று உறவில் சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. முகம் பொய் சொன்னாலும் கால் பொய் சொல்லாது என்று ரொம்ப சீக்கிரம் தெரிந்துகொண்டேன்.

அப்படித் தெரிந்துகொண்ட நானே ஒரு தடவை காலைப் பார்க்காமல் ஷூ விற்றேன்.

அன்று மத்தியானம் வந்தவர் திருவாதவூர்க்காரப் பெண். முப்பது வயசு இருக்கும். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். தம்பிக்குக் கல்யாணம், மாப்பிள்ளை ஷூ வேண்டும் என்றார். அவனுக்குத் தெரியாமல் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமாம். கண்ணாடி அலமாரியில் இருந்த கறுப்பு ஷூவைக் காட்டினார். முனை கூர்மையாக, நாலடி தள்ளி நின்றாலும் முகம் தெரிகிற பளபளப்பு. அந்த வருஷம் எல்லா மாப்பிள்ளைகளும் அதைத்தான் கேட்டார்கள்.

"என்ன நம்பர்க்கா?"

"எட்டு. அவன் போடுற ஷூவத் திருப்பிப் பாத்துட்டுத்தான் வாரேன்."

எட்டை எடுத்துக் கொடுத்தேன். பெட்டியைக் கட்டும்போது அவராகவே பேசினார். "எங்கப்பா அந்தக் காலத்துல ஊர்த்தெரு வழியாப் போனா செருப்பக் கையில தூக்கிட்டுத்தான் போவாராம். இவன் அதே தெருவுல இதப் போட்டு நடக்கணும்." கோபமாகச் சொல்லவில்லை. அரிசி விலை சொல்வதுபோல் சொன்னார். நான் பெட்டிக்கு இன்னொரு முடிச்சுப் போட்டேன்.

நாலாவது நாள் அதே பெட்டியோடு அக்காவும் தம்பியும் வந்தார்கள். கல்யாணத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது. தம்பி பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். நல்ல உயரம். உள்ளே நுழையும்போதே வலது காலை மெதுவாக வைத்தான்.

"இது எட்டே இல்ல. நம்பர மாத்தி ஒட்டிட்டாங்க போல," என்றார் அக்கா. "விரல் நசுங்குதாம். ஒம்பது குடுங்க."

ஒன்பதை எடுத்துக்கொண்டு அவன் முன்னால் குத்தவைத்தேன். அவன் காலை இழுத்துக்கொண்டான்.

"வேணாங்க, நீங்க தொட வேணாம். நானே போட்டுக்கிறேன்."

"இதான் என் வேலை தம்பி. நீங்க பிள்ளைகளுக்கு விசிலடிக்கிற மாதிரி."

சிரித்துவிட்டுக் காலைக் கொடுத்தான். சாக்ஸைக் கழற்றினேன். சுண்டுவிரல் ஓரம் தோல் உரிந்து சிவந்திருந்தது. பெருவிரல் பக்கவாட்டிலும் ஒரு கொப்புளம்.

"இது எப்பலேருந்து?" அக்காவின் குரல் மாறிவிட்டது.

"ரெண்டு மூணு நாளா பாய்ல போட்டு நடந்தேன். போடப் போட விட்டுக்குடுக்கும்னு நெனச்சேன்."

"நேத்து ராத்திரிதானடா வலிக்குதுன்ன."

"நீ ஆசையா வாங்கியாந்தது."

அக்கா கைப்பையிலிருந்து பஞ்சை எடுத்து அவன் விரலில் ஒற்றினார். 

பஞ்சை வைத்துக் கட்டிய பிறகு ஒன்பதைப் போட்டுப் பார்த்தோம். விரலுக்குக் கொஞ்சம் தாராளம்தான். ஆனால் எழுந்து நாலடி வைத்தபோது குதிகால் ஷூவைவிட்டு மேலே வந்தது. கால் மடங்குகிற இடம் ஒன்று, ஷூ மடங்குகிற இடம் ஒன்றாக இருந்தது. அந்த ஷூ மணமேடைவரைகூடத் தாங்காது.

அப்போதுதான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். "அக்கா, நீங்க திருப்பிப் பாத்தது என்ன ஷூ?"

"அவன் தெனமும் போடுறதுதான். இந்தா, இன்னைக்கும் போட்டுட்டு வந்துருக்கான்ல."

வாசலருகே கழற்றி வைத்திருந்த ஸ்னீக்கரை எடுத்து வந்தேன். அக்காவின் கையைப் பிடித்து அதற்குள் விட்டேன். "சுத்தி அமுக்கிப் பாருங்க." கணுக்காலைச் சுற்றிப் பஞ்சு, கயிற்றுக்கு அடியில் இருக்கிற நாக்கில் பஞ்சு, அடியில் மெத்தை. வெளியிலிருந்து பார்த்தால் பெரிய ஷூ. உள்ளே இடத்தைப் பாதி மெத்தையே தின்றிருந்தது. அதற்குமேல் தடித்த சாக்ஸ், ஓடும்போது விரல் முட்டாமல் இருக்கக் கொஞ்சம் இடம். அதனால் ஒரு நம்பர் கூட்டி எட்டு வாங்கியிருக்கிறான். அளவுப் பலகையில் காலை வைத்தால் ஏழுதான் காட்டியது.

அக்கா முறைத்தார். "ஏழுன்னா எட்டு லூசால்ல இருக்கணும்? ஏன் கடிச்சது?"

நியாயமான கேள்வி. பெட்டி மூடியைத் திருப்பிப் போட்டு, தம்பியை அதன்மேல் நிற்கச் சொல்லிப் பென்சிலால் காலைச் சுற்றிக் கோடு இழுத்தேன். அந்தக் கோட்டின்மேல், குதிகாலோடு குதிகால் பொருத்தி, கூர்முனை எட்டை வைத்தேன். முன்பக்கம் ஷூ விரலைத் தாண்டி ஓர் அங்குலத்துக்குமேல் நீட்டிக்கொண்டிருந்தது. ஆனால் சுண்டுவிரல் கோடு ஷூவுக்கு வெளியே கிடந்தது.

"முன்னாடி எம்புட்டு எடம் கெடக்கு பாருங்க. அது முனைக்கு உள்ள எடம், விரலுக்கு இல்ல. விரல் முடியிறதுக்கு முன்னாடியே ஷூ குறுக ஆரம்பிச்சிருது. தம்பிக்குக் கால் முன்னாடி அகலம். நம்பர் நீளத்தத்தான் சொல்லும், வடிவத்தச் சொல்லாது."

பிறகு வட்ட முனை ஷூவில் ஏழை எடுத்துக் கோட்டில் வைத்தேன். விரல்கள் அத்தனையும் உள்ளே அடங்கின. கறுப்புதான், அதே பளபளப்புதான். முனை மட்டும் மொழுக்கென்று இருந்தது. அவன் போட்டுக்கொண்டு கடை வாசல்வரை போனான், திரும்பினான். குதிகால் அசையவில்லை. முகத்தில் கொஞ்சம் வெட்கத்தோடு, "அக்கா, இதுல ஓடக்கூடச் செய்யலாம்," என்றான்.

"கல்யாணத்தன்னைக்கி எங்கடா ஓடப் போற," என்றார் அக்கா. கண் கூர்முனை ஷூவிலேயே இருந்தது. அதற்குள் தானும் விரல்களை விட்டுப் பார்த்தார். நாலு விரலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. கையை எடுத்துக்கொண்டு, "இதையே கட்டிக் குடுங்கம்மா," என்று வட்ட முனையைக் காட்டினார்.

பாயில் மட்டும் நடந்ததால் அடிப்பாகத்தில் கீறல் இல்லை. முதலாளி திருப்பி எடுத்துக்கொண்டார். நம்பர் கேட்டேன், எந்த ஷூவின் நம்பர் என்று கேட்கவில்லை, தப்பு என்னுடையது என்று அவரிடம் சொன்னேன். அக்கா குறுக்கே வந்து, "நானும்தான் சொல்லல," என்றார். போகும்போது பத்திரிகை வைத்துவிட்டுப் போனார்.

கல்யாணத்தன்று லீவு போட்டுவிட்டு அம்மாவோடு பஸ் ஏறினேன். கண்மாய்க் கரையோரம் இறங்கும்போதே மேளம் கேட்டது. மாப்பிள்ளை அந்த ஊர்த்தெருவில் நடந்து வந்துகொண்டிருந்தான், நிதானமாக, எந்த அவசரமும் இல்லாமல். இரண்டு பக்கமும் வீட்டு வாசல்களில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். அக்கா பக்கத்திலேயே வந்தார். பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகை. எல்லோரும் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க, அவர் மட்டும் குனிந்து குனிந்து காலைப் பார்த்தார். என்னைக் கண்டதும் கூட்டத்தை விலக்கி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடிக்கலையாம். மூணு தடவ கேட்டுட்டேன். கடைசியாத் திட்டிட்டான்."

பந்தியில் எங்களுக்கு அவரே பரிமாறினார். சாப்பிட்டு எழுந்ததும் சொந்தக்காரர்களிடம், "இவங்கதான் கால் பாத்துச் சொல்றவங்க," என்று அறிமுகம் செய்துவைத்தார். கைரேகைக்காரி என்று நினைத்துவிட்டார்கள் போல. வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுவிட்டு, தன் வலது காலை என் பக்கம் நீட்டினார்.

"எனக்கு என்ன நம்பரு தாயி?"

அம்மா சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டார். நான் குத்தவைத்து உட்கார்ந்தேன். அதற்குள் அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார்கள்.