ஷீட்டம்மாவின் சிவப்புக் கட்டம்

பார்சல் கம்பெனியின் மண்டல அலுவலகத்தில் அவருக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் யாரும் அதை உபயோகித்ததில்லை. எல்லோருக்கும் அவர் ஷீட்டம்மா. பதினான்கு வருடமாக தினமும் காலை எட்டரைக்குள் பன்னிரண்டு டெப்போக்களின் கணக்கை ஒரே எக்செல் ஷீட்டில் போட்டு மேனேஜருக்கு அனுப்புவார். வந்த பார்சல் எத்தனை, கொடுத்தது எத்தனை, தாமதம் எத்தனை, திரும்பியது எத்தனை. தாமதம் நாற்பதைத் தாண்டினால் அந்தக் கட்டம் தானாகச் சிவக்கும். இல்லாவிட்டால் பச்சை. அந்த விதியைப் போட்டதும் அவர்தான். ஒரு முறை போட்டு வைத்தது, வீட்டு மின்விசிறி மாதிரி அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

யாரையும் எளிதில் நம்பாத குணம் அவருக்கு. கடையில் எடை போடும்போது பேச்சுக் கொடுப்பவனை நம்ப மாட்டார். சிரித்துக்கொண்டே வருகிற மேலதிகாரியை அறவே நம்ப மாட்டார். ஆகவே தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் மடிக்கணினியும் கைப்பேசி ஸ்டாப்வாட்சுமாகச் சிரித்தபடி வந்து இறங்கியபோதே, "நம்ம நாற்காலிக்கு ஆள் வந்தாச்சு" என்று பக்கத்து மேசையில் சொல்லிவிட்டார்.

சொன்னது முக்கால்வாசி சரி. மேனேஜரின் அறையில் பெரிய திரை ஒன்று மாட்டப்போகிறார்கள். அதில் கணக்கைக் காட்ட எந்த டாஷ்போர்டு ஓடுவது என்று முடிவு செய்ய வேண்டும். போட்டியில் மூன்று. ஒன்று ஷீட்டம்மாவின் கட்டங்கள். இரண்டாவது, டெப்போவுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு வட்ட முள்கள், வண்டியின் வேகமானி போல. மூன்றாவது, நீளமான பட்டைகள். நூற்றுக்கு எத்தனை பார்சல் தாமதம் என்று கணக்கிட்டு, மோசமான டெப்போ மேலே வரும்படி வரிசைப்படுத்தியது. மூன்றின் ஸ்கிரீன்ஷாட்டுகளையும் மேனேஜரிடம் காட்டி, எதில் அவர் பிரச்சினையைச் சீக்கிரம் கண்டுபிடிக்கிறாரோ அதுவே திரைக்கு. முள்ளோ பட்டையோ ஜெயித்தால் கணக்கெல்லாம் தானே வந்து விழும். ஷீட்டம்மா ஏதாவது ஒரு டெப்போவில் பார்சல் பிரிக்கும் கூடத்துக்குப் போக வேண்டியதுதான். அங்கே எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே வேலை. அவருக்கு முழங்காலில் ஏற்கெனவே தகராறு.

மாதிரிப் படங்களைப் பார்த்ததுமே அவர் ஒரு தில்லுமுல்லைப் பிடித்தார். வந்தவரின் படங்கள் திரை முழுக்க நிறைந்து நின்றன. அவருடையதில் மட்டும் மேலே எக்செல்லின் பட்டன்கள் மூன்று வரி, கீழே பாதி வெற்றுக் கட்டம், நடுவில் எறும்பு சைஸில் எழுத்து. வந்தவர் வேண்டுமென்று செய்யவில்லை என்றார். ஷீட்டம்மா அதை நம்பவில்லை. எல்லாப் படமும் ஒரே அளவில், ஓரம் வெட்டி வர வேண்டும் என்றார்.

அத்தோடு விடவில்லை. ஒரே நாள் கணக்கை மூன்று விதமாகக் காட்டினால், முதலில் பார்ப்பதில் தேடிக் கண்டுபிடித்ததைக் கடைசிப் படத்தில் மனப்பாடமாகச் சொல்லிவிடலாம். "என்னோடத முதல்ல காட்டிட்டு உங்களோடத கடைசில காட்டுவீங்க, அப்படித்தானே?" என்று முகத்துக்கு நேரே கேட்டார். ஆகவே வகைக்கு மூன்று நாள், ஒன்பதும் வேறு வேறு நாள், ஒவ்வொன்றிலும் வேறொரு டெப்போவில் கோளாறு, எது முதலில் என்பது சீட்டுக் குலுக்கி. கோளாறு எங்கே என்று வந்தவர் எழுதிய விடைத்தாள் கவரில் ஒட்டப்பட்டு ஷீட்டம்மாவின் டிராயரில். வந்தவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"நான் சொல்லணும்னு இருந்ததையெல்லாம் நீங்களே சொல்லிட்டீங்க மேடம்," என்றார்.

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறாரே என்று அதற்கும் சந்தேகப்பட்டார் ஷீட்டம்மா. வந்தவர் விநாடியை மட்டும் குறிக்கப்போகிறார் என்று தெரிந்ததும், மேனேஜர் சொல்லும் டெப்போ எண்ணைத் தானே பென்சிலால் எழுதிக்கொள்வது என்று தீர்மானித்தார். பின்னால் எண்ணை மாற்றி எழுதிவிட்டால்?

சோதனை கால் மணி நேரத்தில் முடிந்தது. படம் வரும், மேனேஜர் எண்ணைச் சொல்வார், ஸ்டாப்வாட்ச் நிற்கும். வட்ட முள்களில் ஒன்பது, பன்னிரண்டு, பதினான்கு விநாடி. பன்னிரண்டு முள்ளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாக வேண்டியிருந்தது. பட்டைகளில் ஐந்து, ஆறு, ஆறு. ஷீட்டம்மாவின் கட்டங்களில் இரண்டு, மூன்று, மூன்று.

மேனேஜர் எழுந்துவிட்டார். கண்ணுக்குப் பழகினதை எதுவும் அடிச்சுக்க முடியாது என்றார். திங்கட்கிழமை திரையில் அதுவே ஓடட்டும் என்றும், ஏழாம் டெப்போ சூப்பர்வைசரை மாற்றும் விஷயத்தைத் திங்கட்கிழமையே முடித்துவிட வேண்டும் என்றும் சொல்லிக்கொண்டே மீட்டிங்குக்குப் போனார். வந்தவர் மடிக்கணினியை மூடினார். கவரைக் காலையில் பிரித்து விடைகளைச் சரிபார்த்து ரிப்போர்ட் எழுதலாம் என்றார்.

காலை வரை பொறுக்க ஷீட்டம்மாவுக்கு மனம் வரவில்லை. தோற்றவன் இவ்வளவு அமைதியாக இருப்பானா? கவரில் ஏதோ வைத்திருக்கிறான். அதையும் பென்சில் தாளையும் கைப்பையில் போட்டுக்கொண்டு, படங்களைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

வீட்டில் நாத்தனார் தையல் மெஷினில் இருந்தாள். ஷீட்டம்மா கட்டிலில் உட்கார்ந்து கவரைப் பிரித்து, இரண்டு தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். பட்டைகளில் மேனேஜர் சொன்ன மூன்றும் சரி. முள்களில் இரண்டு சரி, ஒன்று தப்பு. அவருடைய கட்டங்களில் விடை பதினொன்று, நான்கு, ஒன்பது. மேனேஜர் சொன்னது ஏழு, ஏழு, ஏழு.

மேனேஜருக்கு ஏழின் மேல் ஒரு கண் என்பது ஊரறிந்தது. தினமும் எட்டே முக்காலுக்கு முதல் போன் அங்கேதான். இரண்டு சூப்பர்வைசர்கள் ஏற்கெனவே மாற்றலாகிவிட்டார்கள். இப்போது இருப்பவர் மூன்றாமவர், எதிரே பார்த்தால் ஷீட்டம்மாவுக்கு வணக்கம்கூடச் சொல்லாதவர். ஆக இது மேனேஜரின் வன்மம் என்று நினைக்க அவருக்கு வசதியாக இருந்தது. இருந்தாலும் கைப்பேசியில் தன் கட்டங்களின் முதல் படத்தை எடுத்து நாத்தனாரிடம் நீட்டினார்.

"இதுல எங்க பிரச்சினைன்னு பாத்துச் சொல்லு."

"ஏழு."

"நல்லா பாத்தியா?"

"பாக்க என்ன இருக்கு அண்ணி, அது ஒண்ணுதானே சிவப்பா இருக்கு?"

அதே நாளின் எண்களைத் தாளில் நூற்றுக்கு எத்தனை என்று மாற்றி, பட்டையாகவே கோடு போட்டுக் காட்டினார். நாத்தனார் ஊசியை வாயில் கவ்வியபடி பதினொன்றைத் தொட்டாள்.

ஏழாம் டெப்போவுக்கு அன்று வந்தது தொள்ளாயிரம் பார்சல். தாமதம் நாற்பத்தைந்து. நூற்றுக்கு ஐந்து. பதினொன்றுக்கு வந்ததே நூற்றிருபது. அதில் முப்பது தாமதம். நூற்றுக்கு இருபத்தைந்து. ஆனால் முப்பது நாற்பதைத் தாண்டவில்லை. கட்டம் பச்சையாகக் குளிர்ந்துபோய்க் கிடந்தது. விதியைப் போட்ட வருடம் எல்லா டெப்போவும் ஏறக்குறைய ஒரே அளவு. அப்போது நாற்பது நியாயமான எண். பிறகு ஏழு மூன்று மடங்கு வளர்ந்தது, பதினொன்று பாதிக்கும் கீழே இறங்கியது. வளர்ந்த நாளிலிருந்து தினமும் சிவப்பு.

மெஷினை நிறுத்திவிட்டு நாத்தனார், மூஞ்சி ஏன் இப்படி இருக்கு என்று கேட்டாள். ஷீட்டம்மா விஷயத்தைச் சொன்னார். நாத்தனார் யோசித்துவிட்டு, அந்தத் தாள் பென்சிலில்தானே எழுதியிருக்கு என்றாள். அழிரப்பர் தையல் சாக்பீஸ் டப்பாவில் இருப்பது இருவருக்கும் தெரியும். கவர் எப்படியும் பிரிந்துவிட்டது. மூன்று எண்ணை மாற்ற ஒரு நிமிடம் போதும். வந்தவரிடம் விநாடிதான் இருந்தது. எண் இவரிடம் மட்டும்தான்.

"அந்த ஆள் ஏமாத்துவான்னுதான் எழுதினேன்," என்றார் ஷீட்டம்மா.

மறுநாள் இரண்டு தாளையும் மேனேஜரின் மேசையில் வைத்து, கவரைத் தானே பிரித்ததையும் சொன்னார். வந்தவர் குனிந்து படித்தார். மேனேஜர் படிக்கவில்லை. ஷீட்டம்மாவின் முகத்தைப் படித்தார்.

"ஏழு வந்து உங்ககிட்ட பேசினாரா?"

"இல்ல சார்."

"வேற யாராவது சொல்லிக் குடுத்தாங்களா? ஜெயிச்சவங்க தோத்தேன்னு வந்து நிக்க மாட்டாங்களே."

"அந்தச் சிவப்பு நான் போட்டது சார். ஏழு ஒண்ணும் பண்ணல."

அவர் நம்பியதாகத் தெரியவில்லை. அப்படியானால் இன்றைய கணக்கையே பட்டையில் போடுங்கள் என்றார். வந்தவர் போட்டார். பதினொன்று எல்லோருக்கும் மேலே நீண்டு கிடந்தது. ஏழு கீழிருந்து நாலாவது. மேனேஜர் பதினொன்றுக்குப் போன் போட்டார். அந்த சூப்பர்வைசர் யார் பேசுவது என்று இரண்டு தடவை கேட்டது அறையில் இருந்த எல்லோர் காதிலும் விழுந்தது. ஒன்பது நாளாக இரண்டு வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறதாம், மூன்று மெயில் அனுப்பினேன் சார் என்றார். மேனேஜர் போனை வைத்தார். வந்தவரிடம், இந்தக் கணக்கில் ஏதும் விளையாட்டு இல்லையே என்று கேட்டார். இல்லை என்று பதில் சொன்னது ஷீட்டம்மா.

திரையில் பட்டைகள் ஏறின. ஏழின் மாற்றல் கடிதம் அனுப்பப்படவில்லை. வேறு கடிதம் ஒன்று வந்தது, ஷீட்டம்மாவுக்கு: பிரிக்கும் கூடம், ஏழாம் டெப்போ. ஆள் தேவைப்பட்டது அங்கேதான். வந்தவர் கிளம்பும்போது, அவரை இங்கேயே வைத்துக்கொள்ளும்படி ரிப்போர்ட்டில் எழுதியிருப்பதாகச் சொன்னார். எழுதியிருக்க மாட்டார் என்று ஷீட்டம்மா நினைத்தார். எழுதித்தான் இருந்தார். யாரும் அதைப் படிக்கவில்லை.

ஏழாம் டெப்போவின் கூடம் பஸ் ஸ்டாண்டு அளவு பெரியது. மேலே ஓடும் கன்வேயர் பெல்ட் நிற்காமல் பெட்டிகளைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"பதினாலு வருஷம் அவர் பக்கத்துலயே இருந்தீங்க. இப்ப எதுக்கு இங்க அனுப்பியிருக்காரு?"

ஷீட்டம்மா நடந்ததைச் சொன்னார். நாற்பதையும் நூற்றுக்கு ஐந்தையும் சொன்னார். அவர் கடைசிவரை கேட்டார்.

"சரி," என்றார். "என்ன பாக்கச் சொன்னாரோ பாத்துட்டுப் போங்க. இங்க மறைக்க ஒண்ணும் இல்ல."

பிறகு ஆளை அனுப்பி ஒரு ஸ்டூல் வரவழைத்துத் தன் கண்ணாடி அறைக்கு நேர் எதிரே போடச் சொன்னார். மற்ற எல்லோரும் நின்றுகொண்டு வேலை செய்தார்கள். முழங்காலுக்கு ஸ்டூல் நல்லதுதான். உட்கார்ந்து முதல் பெட்டியின் முகவரியைப் படிக்கும்போது, கண்ணாடிக்குப் பின்னால் அவர் தன்னைப் பார்த்தபடி ஒரு நோட்டில் ஏதோ எழுதுவது ஷீட்டம்மாவுக்குத் தெரிந்தது.