நாலாவது மூடி

எங்கள் ஐஸ்கிரீம் கம்பெனியில் பெயர் வைப்பது அக்காவின் வேலை. கூடப் பிறந்தவர் அல்ல. ஆபீசில் எல்லோருக்கும் அவர் அக்காதான். நான் அவருடைய உதவியாள். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். என்ன வேலை பார்க்கிறாய் என்று அம்மா கேட்டால் இன்னும் ஒழுங்காகச் சொல்ல வரவில்லை.

கோடைக்கு மட்டும் நான்கு வகை வரும். கப் பழையதுதான், மூடி மட்டும் புதிது. போன வருடப் பெயர்கள் அழகாக இருந்தன, ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "அந்தப் பச்சை" என்று விரல் நீட்டினார்கள். சரக்கு தேங்கியது.

"இந்தத் தடவையும் விரல் நீட்டினா, பேர் வைக்க வெளிய ஆள் பாத்துக்கறேன்" என்றார் முதலாளி, பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி. அக்கா வீட்டில் வருகிற ஒரே சம்பளம் அவருடையது.

இந்த முறை அக்கா ஒவ்வொரு பெயரையும் போனில் எனக்குச் சொல்லிப் பார்த்தார். நான் "என்னது?" என்று கேட்டால் அந்தப் பெயர் அவுட். உச்சி வெயில், மொட்டைமாடி, முழு லீவு, கரண்ட் கட் ஆகிய நான்கும் தேறின. கடைசியது கறுப்புத் திராட்சை. அடியில் எலுமிச்சை வெள்ளை.

மூடி அச்சுக்குப் போகவேண்டிய அன்று ஏஜெண்ட் வந்தார். கடைகளுக்குச் சரக்கு போடுபவர். மூன்று பெயருக்குத் தலையாட்டினார். நாலாவதில் நின்றார்.

"இத எந்தக் கடைக்காரன்மா ஃப்ரீசர் மேல ஒட்டுவான்? கரண்ட் போனா அவன் சரக்கு மொத்தமும் உருகிடும். நான் எடுக்கமாட்டேன்."

தின்பவருக்கு விளையாட்டாக இருப்பது விற்பவருக்கு நடுக்கம். இது எங்கள் இருவருக்கும் ஏன் தோன்றவில்லை? ஃப்ரீசர் நடுவிலேயேதானே உட்கார்ந்திருக்கிறோம்.

அச்சகத்திலிருந்து போன். "அக்கா, பிளேட் போடட்டுமா?"

"ஒரு நிமிஷம்" என்று போனைப் பொத்தினார்.

"நாலாவத விட்டுரலாமாக்கா?"

"திராட்சை வாங்கியாச்சுடா. முதலாளிகிட்ட நீ சொல்றியா?"

அக்கா சாம்பிள் கப்பை எடுத்துக் கிண்டினார். கறுப்புக்கு அடியில் வெள்ளை தெரிந்தது. கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

"கரண்ட் போறப்ப கம்முனு இருப்போம். திரும்பி வந்தா தெருவே என்ன கத்தும்?"

"கரண்ட் வந்தாச்சு" என்றேன்.

ஏஜெண்ட் முகத்தைப் பார்த்தோம். "இத ஒட்டுவான்" என்றார்.

விற்பனை தொடங்கிய ஞாயிறு, ஒரு கடையில் தண்ணீர் பாட்டில் வாங்குகிறவர்களைப்போல் நின்றோம். மகளோடு வந்த ஒருவர் ஃப்ரீசர் மேல் ஒட்டிய பெயர்ப் பட்டியலைப் பார்த்தார். விரல் மேலே எழுந்தது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

வந்தவர் அந்த விரலால் காதைச் சொறிந்துகொண்டார். "கரண்ட் வந்தாச்சு, ரெண்டு."

"போகவே இல்லையே சார், எங்கேருந்து வந்துச்சு?" கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஃப்ரீசரைத் திறந்தார்.

நானும் சிரித்தேன். அக்காவின் பிடி தளரவில்லை.

"பேசாம இரு. அடுத்த ஆள் வர்றார்."